ஒரு தலைக்கு எவ்வளவு? தையல் பயிற்சித் திட்டத்தில் 2,70,000 ரூபாய் கைவிட்டுப் போன கணக்கு

தாராபுரம் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளையில் திட்டம் எழுதுவதும் வரவு செலவு பார்ப்பதும் என் வேலை. பனியன் கம்பெனிகளுக்குத் தையல் ஆள் வேண்டும், சுற்றுவட்டாரப் பெண்களுக்கு வேலை வேண்டும் என்று பவர் மெஷின் பயிற்சி நடத்துகிறோம். ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர் பணம், கிடைத்த ஆண்டில்தான் எங்கள் சேமிப்பிலிருந்து 2,70,000 ரூபாய் போனது. பணம் கிடைத்தும் நஷ்டமா என்று எங்கள் தலைவரே நம்பவில்லை. கணக்கைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். "ஒரு பயனாளிக்கு ஆகும் செலவு" என்ற ஒரே எண்ணை வைத்துப் பேரம் பேசினால் எங்கே போய் முட்டும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் கொடுத்த பட்ஜெட். மூன்று மாதப் பயிற்சி, 300 மணி நேரம். ஒரு அணிக்கு 30 பேர், காலையில் 15, மதியம் 15, ஏனென்றால் மெஷின் 15தான். வருடத்துக்கு நான்கு அணி, 120 பேர். பயிற்றுநர்கள் இருவருக்குச் சம்பளம் 4,32,000. ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து மையத்தையும் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளருக்கு 2,40,000. வாடகையும் கரண்ட்டும் 1,80,000. கம்பெனிகளிடம் பேசி வேலையில் சேர்த்துவிட்டு, அப்புறமும் தொடர்பில் இருக்கும் ஆளுக்கு 1,80,000. மெஷின்கள் 4,20,000. தணிக்கை, கணக்கர், நிர்வாகம் எல்லாம் சேர்த்து 90,000. இவை 15,42,000. இது போக ஒவ்வொரு பெண்ணுக்கும் துணி, நூல், ஊசிக்கு 750, மதிப்பீட்டுக் கட்டணம் 600, பஸ்ஸுக்கு 800, ஆக 2,150. 120 பேருக்கு 2,58,000. மொத்தம் 18 லட்சம். 120ஆல் வகுத்தால் தலைக்கு 15,000. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இந்த எண்ணைத்தான் போட்டோம்.

நிறுவனத்தின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. திட்டம் பிடித்திருக்கிறது, இந்த ஆண்டு 12 லட்சம்தான் ஒதுக்க முடியும், உங்கள் கணக்குப்படியே தலைக்கு 15,000 வைத்து 80 பேருக்குச் செய்யுங்கள், காலாண்டுக்கு 20 பேர் என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தார்கள். நியாயமாகத்தானே தெரிகிறது? மூன்றில் ஒரு பங்கு பணம் குறைந்தது, மூன்றில் ஒரு பங்கு ஆளும் குறைந்தது.

ஆனால் செலவு அப்படிக் குறையாது. பாதி சீட் காலியாக ஓடினாலும் பஸ்ஸுக்கு அதே டீசல்தான். காலாண்டுக்கு 20 பேர் என்றாலும் மையம் பன்னிரண்டு மாதமும் திறந்திருக்க வேண்டும், பயிற்றுநருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம், கட்டட உரிமையாளருக்குப் பன்னிரண்டு மாத வாடகை. 15,42,000 அப்படியே நின்றது. குறைந்தது 40 பெண்களுக்கான துணி, மதிப்பீடு, பஸ் பணம் மட்டும், அதாவது 86,000. 80 பேருக்கு உண்மையில் ஆகும் செலவு 17,14,000. கையில் வந்தது 12,00,000. துண்டு விழுந்தது 5,14,000. தலைக்கு 15,000 என்பது 120 பேர் வந்தால் மட்டும் உண்மையாக இருக்கும் எண். 80 பேருக்கு அதே எண் 21,425 ஆகிவிடுகிறது.

அதனால் பட்ஜெட் எழுதும்போதே செலவுகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆள் எண்ணிக்கையோடு ஏறி இறங்குவது ஒன்று. ஒரு அணி நடந்தாலே முழுதாக ஆகிவிடுவது இன்னொன்று, சம்பளமும் வாடகையும் இதில்தான் வரும். கதவைத் திறக்கும் முன்பே ஆகிவிடுவது மூன்றாவது, எங்களுக்கு அது மெஷின். இப்படிப் பிரித்துவிட்டால் பேரம் பேச வேறு வழி கிடைக்கும். எங்கள் கணக்கில் மெஷினைத் தள்ளிவிட்டால் ஒரு அணியின் மூன்று மாத நிலைச்செலவு 2,80,500. இரண்டு அணிக்கு 5,61,000, மெஷின் 4,20,000, 60 பேருக்கான நேரடிச் செலவு 1,29,000. கூட்டினால் 11,10,000. ஆக 12 லட்சத்துக்கு எங்களால் செய்ய முடிந்தது இரண்டு முழு அணி, 60 பேர், ஆறு மாதம். தலைக்கு 18,500 என்று வந்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து நிறுவனம் முகம் சுளித்திருக்கலாம். ஆனாலும் குறைக்கச் சொன்னால் அணியைக் குறையுங்கள், அணிக்குள் ஆளைக் குறைக்காதீர்கள். முகம் சுளிக்கிறவரிடம் இந்த மூன்று வகைப் பிரிப்பைக் காட்டினால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார், அவரும் மேலே ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான்.

சரி, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. துண்டு விழுந்ததைச் சமாளிக்க எதை வெட்டுவது? பயிற்றுநரை நிறுத்த முடியாது, வாடகையை நிறுத்த முடியாது. வேலைவாய்ப்பைப் பார்த்துக்கொண்ட ஆளை நிறுத்தினோம், 1,80,000 மிச்சம். பஸ் பணத்தை நிறுத்தினோம், 64,000 மிச்சம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லையே, எதற்கு பஸ் பணம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதும் எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. மீதி 2,70,000 சேமிப்பிலிருந்து போனது. இரண்டு மாதம் என் சம்பளமும் தள்ளிப்போனது, வீட்டில் அதைச் சொல்லாமல் சமாளித்தது தனிக்கதை.

பஸ் பணத்தில்தான் முதல் அடி விழுந்தது. டவுன் பஸ் வரும் ஊர்ப் பெண்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் டவுன் பஸ் இல்லாத ஊர்க்காரர்கள். காலை 9 மணி வகுப்புக்கு வர வேண்டுமானால் மப்சல் பஸ்ஸிலோ மினி பஸ்ஸிலோ காசு கொடுத்துத்தான் வர வேண்டும். வருகைப் பதிவேட்டில் அது பச்சையாகத் தெரிந்தது. முதல் இரண்டு வாரம் வரிசையாக "வ" என்று இருக்கும். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் சிவப்பு மையில் "இல்லை", அப்புறம் மூன்று நாள், அப்புறம் பெயருக்கு நேராக ஒரு கோடு. முந்தைய அணிகளில் 100 பேர் சேர்ந்தால் 80 பேர் முடிப்பார்கள், 50 பேர் வேலைக்குப் போவார்கள். இந்த முறை 80 பேரில் முடித்தவர்கள் 52. வேலைக்குப் போனவர்கள் 22. கம்பெனிகளோடு பேச ஆள் இல்லாததால் முடித்தவர்களிலும் பாதிக்கு மேல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மொத்தம் செலவானது 14,70,000. வேலைக்குப் போன ஒரு பெண்ணுக்கு 66,818 ரூபாய். பட்ஜெட் வெட்டுப்படாமல் 120 பேருக்கு நடந்து, பழைய விகிதத்தில் 60 பேர் வேலைக்குப் போயிருந்தால் அது 30,000. சிக்கனம் என்று செய்த வெட்டு, ஒரு வேலைக்கான செலவை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டது. 64,000 ரூபாய் பஸ் பணம் வெறும் சலுகை கிடையாது, முடிப்பவர் எண்ணிக்கையைத் தூக்கிப் பிடித்ததில் அதற்குப் பெரிய பங்கு இருந்தது.

ஆண்டு இறுதியில் நிறுவனம் வெளி ஆலோசகர் ஒருவரை அனுப்பியது. அமைதியான பெண்மணி. பதிவேடுகளை ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு, "சார், உங்க பயனாளி யாரு?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. சேர்ந்தவரா, முடித்தவரா, சான்றிதழ் வாங்கியவரா, வேலையில் சேர்ந்தவரா, ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருப்பவரா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வகுக்கும் எண் மாறினால் விடை மாறுகிறது. நிதி கொடுப்பவர் முதல் பக்கத்து எண்ணைப் பார்த்துவிட்டு நேராகக் கடைசி எண்ணுக்குப் போகிறார், இடையில் எங்கே ஆள் கழன்றது என்று தேடுகிறார். நாங்கள் அறிக்கையில் "மறைமுகப் பயனாளிகள் 320" என்று, ஒரு குடும்பத்துக்கு நான்கு பேர் வைத்துப் பெருக்கிப் போட்டிருந்தோம். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். அந்த வரியை அவர் படிக்கவே இல்லை, மேலே ஒரு கோடு போட்டுவிட்டுத் தாண்டினார்.

அடுத்து ஒப்பீடு. நிதி கொடுப்பவர் கையில் ஏதாவது ஓர் அளவுகோல் இருக்கும், பயிற்சிகளுக்கு அது பெரும்பாலும் திறன் பயிற்சித் திட்டங்களுக்கு மத்திய அரசு வகுத்த பொது விதிமுறைத் தொகை. 2015இல் அறிவித்தபோது தொழில் வகையைப் பொறுத்து ஒரு பயிற்சியாளருக்கு மணிக்கு 38.50, 33, 27.50 ரூபாய் என மூன்று நிலை. பிறகு கூட்டியிருக்கிறார்கள், நீங்கள் எழுதும் ஆண்டின் தொகையைப் பாருங்கள். உயர்ந்த நிலையை வைத்தாலும் 300 மணிக்கு 11,550. "நீங்க 15,000 கேக்கறீங்களே" என்றார் ஆலோசகர். நியாயமான கேள்விதான். ஆனால் ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் ஒரே பொருள்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மணிக்கணக்குத் தொகைக்குள் பயிற்றுநர் சம்பளம், மூலப்பொருள், ஆள் திரட்டுதல், வேலையில் சேர்த்தல் எல்லாம் அடக்கம். மெஷினும் அடக்கம், ஆனால் அதன் ஆயுளுக்குப் பரப்பிய தேய்மானமாக. மதிப்பீட்டுக் கட்டணமும் பெண்களுக்கான போக்குவரத்து உதவியும் அதற்கு வெளியே தனியாக வரும்.

அவரே என் தாளை வாங்கித் திருத்திக் காட்டினார். 4,20,000 மெஷினை ஐந்து ஆண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 84,000. அப்போது 120 பேருக்கு மொத்தச் செலவு 14,64,000, தலைக்கு 12,200. அதிலிருந்து பஸ் 800, மதிப்பீடு 600 கழித்தால் 10,800. அரசுத் தொகையைவிடக் குறைவு! இந்த ஒரு பத்தி முதல் விண்ணப்பத்தில் இருந்திருந்தால் 15,000 என்ற எண் பேரத்துக்கே வந்திருக்காது. பணமாகக் கேட்கும் தொகையும் ஓர் ஆண்டுக்கு உண்மையில் ஆகும் செலவும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனி வரியில் காட்டிவிடுங்கள், முதல் வருடம் மெஷினுக்கு முழுப்பணம் வேண்டும் என்பதும் தெரியும், திட்டம் மலிவானது என்பதும் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த விதிமுறையில் பணம் மூன்று தவணை, அணி தொடங்கும்போது 30 விழுக்காடு, சான்றிதழுக்கு 50, வேலைக்கு 20. சான்றிதழ் பெற்றவர்களில் 70 விழுக்காட்டினர் வேலைக்குப் போனால்தான் கடைசித் தவணை முழுதாக வரும், 50க்குக் கீழே போனால் அது கிடையாது. அதாவது பாதியில் நிற்கும் ஒருவருக்காக அரசு முழுத்தொகையைச் செலவழிப்பதில்லை. எங்களுக்கோ அவர் நின்றாலும் முழுச்செலவு. ஒப்பிடும் ஒருவர் இதைக் கவனித்துவிட்டால், முடிப்பவர் விகிதம் குறைவாக இருக்கும் திட்டம் சட்டென்று அதிக விலையாகத் தெரியும்.

நிர்வாகச் செலவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவன அதிகாரி ஆரம்பத்திலேயே "சட்டப்படி 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது" என்றதால்தான் நாங்கள் 90,000 என்று இறுக்கிப் போட்டோம், 18 லட்சத்தில் சரியாக 5 விழுக்காடு. 2021இல் திருத்திய சி.எஸ்.ஆர் விதிகளில் வரும் அந்த 5 விழுக்காடு, நிறுவனம் தன் சொந்த சி.எஸ்.ஆர் நிர்வாகத்துக்குச் செலவழிப்பதற்கான உச்சவரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அந்த வரையறைக்குள்ளேயே வராது. ஒருங்கிணைப்பாளரையும் கணக்கரின் திட்ட நேரத்தையும் நிர்வாகத் தலைப்பில் திணிக்காமல் திட்டச் செலவாக, எத்தனை நாள் எதற்கு என்ற விளக்கத்தோடு போடுங்கள். வெளிநாட்டு நன்கொடைக்கு விதி வேறு, 2020 திருத்தத்துக்குப் பிறகு 20 விழுக்காடு வரம்பு, அது நம்மைத்தான் கட்டும்.

ஆலோசகரின் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "நீங்க இல்லேன்னா இவங்க என்ன பண்ணியிருப்பாங்க?" திருப்பூர் பக்கம் இது ரொம்ப நியாயமான கேள்வி. டெய்லருக்குக் கூட நின்று உதவும் கைமடியாகவோ செக்கிங்குக்கோ யார் போனாலும் கம்பெனி எடுத்துக்கொள்ளும், ஓராண்டில் சிலர் தாங்களாகவே ஓவர்லாக், பேட்லாக் கற்றுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படியானால் எங்கள் பயிற்சியால் கூடுதலாகக் கிடைத்தது வேலையே இல்லை, கைமடிக் கூலிக்கும் டெய்லர் கூலிக்கும் உள்ள வித்தியாசம்தான், அதுவும் எல்லோருக்கும் அல்ல. உலக வங்கிப் பொருளாதார நிபுணர் டேவிட் மெக்கென்சி 2017இல் வளரும் நாடுகளின் தொழிற்பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி தரப்பட்ட 100 பேரில் அந்தப் பயிற்சியால் மட்டுமே கூடுதலாக வேலை பெற்றவர்கள் மூன்று பேருக்கும் குறைவு என்று கண்டார். இதைப் படித்த நிதி அதிகாரி "60 பேருக்கு வேலை வாங்கித் தந்தோம்" என்ற வரியை அப்படியே விழுங்கமாட்டார்.

கேள்விக்கு முழுமையான பதில் சொல்ல ஆய்வுக்குழு வேண்டும், நம்மைப் போன்றவர்களால் ஆகாது. ஆனால் நேர்மையான ஒரு தோராயம் போடலாம். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் அதைத்தான் செய்தோம். மெஷின் ஏற்கெனவே இருந்ததால் இரண்டு முழு அணி, 60 பேர், ஆறு மாதம். நிலைச்செலவு 5,61,000, நேரடிச் செலவு 1,29,000, மெஷின் தேய்மானப் பங்கு 42,000, ஆக 7,32,000. சேர்பவருக்கு 12,200. முடிப்பவர் 48 என்றால் 15,250. வேலைக்குப் போகிறவர் 30 என்றால் 24,400. ஆறு மாதம் கழித்தும் இருப்பவர் 21 என்றால் 34,857. நான்கு எண்ணையும் ஒரே பத்தியில் எழுதினோம், எது முந்தைய அணிகளின் பதிவேட்டிலிருந்து வந்தது, எது எதிர்பார்ப்பு என்பதோடு.

அப்புறம் வருமானம். எங்களுக்குத் தெரிந்த கம்பெனிகளில் கைமடிக்கும் டெய்லருக்கும் ஷிப்டுக்குச் சுமார் 150 ரூபாய் வித்தியாசம். மாதம் 25 ஷிப்ட் என்றால் 3,750, ஆண்டுக்கு 45,000. 21 பேருக்கு 9,45,000 என்று எழுதி முடித்திருக்கலாம், 7,32,000 செலவுக்கு ஒரே ஆண்டில் வரவு கூடிவிட்டது என்று ஜம்பமாகவும் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றில் ஒருவர் எப்படியும் தானே கற்றுக்கொண்டிருப்பார் என்று கழித்தோம். 14 பேர், 6,30,000. முதல் ஆண்டில் போட்ட பணம் திரும்பவில்லை, இந்தப் பெண்கள் வேலையில் நீடித்தால் இரண்டாம் ஆண்டில் திரும்பும் என்று எழுதினோம். எங்கள் தலைவருக்கு அது பிடிக்கவில்லை, "நம்ம குறையை நாமே சொல்றதா?" என்றார். நிறுவனத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், மூன்றில் ஒருவர் என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று. எங்கள் பயிற்சிக்கு வராத பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலரிடம் விசாரித்த குறிப்பைக் காட்டினேன். சின்ன எண்ணிக்கைதான், அதையும் சொன்னேன். பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

கூட்டியது ஒன்று உண்டு, ஆறு மாதத் தொடர் விசாரிப்புக்கு 36,000. அதை அவர்களே போடச் சொன்னார்கள். முன்பு வேலைக்குப் போன 22 பேரில் எத்தனை பேர் நீடித்தார்கள் என்று எங்களுக்கே தெரியாது, கேட்க ஆள் இல்லை. விசாரிக்காத பெண் நிதி கொடுப்பவரின் கணக்கில் வேலையில் இல்லாத பெண்தான். இப்போது சேரும் அன்றைக்கே இரண்டு எண் வாங்கிவிடுகிறோம், ஒன்று அவருடையது, இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரருடையதோ அம்மாவுடையதோ. கணவர் போன் எண் மட்டும் கொடுத்தால் மூன்றாம் மாதத்தில் அது "தற்சமயம் உபயோகத்தில் இல்லை" ஆகிவிடுகிறது. வேலையில் இருப்பதற்குச் சான்றாகச் சம்பளச் சீட்டோ, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கமோ, பி.எஃப் எண்ணோ வாங்குகிறோம். பீஸ் ரேட்டில் சின்னப் பட்டறைகளில் தைப்பவர்களிடம் இது எதுவுமே இருக்காது. அவர்களைத் தனி வரியில், "சான்று இல்லை, நேரில் பார்த்தது" என்று காட்டுகிறோம்.